எந்த நாளைப் பூஜ்ஜியமாகக் கொள்வது? நோயாளர் அறிக்கையின் காலவரிசையைச் சீர்செய்யும் வழிகள், ஓர் ஒப்பீடு

ஒரு நோயாளரின் கதையை மருத்துவ இதழுக்கு அறிக்கையாக எழுதும் மருத்துவர்கள் முதல் வரைவில் பெரும்பாலும் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார்கள். அறிகுறிகள், பரிசோதனைகள், கொடுத்த மருந்துகள், பிற துறை மருத்துவர்களின் கருத்துகள் என அனைத்தும் மருத்துவமனைக் கோப்பில் இருந்த வரிசையிலேயே வந்து விழுகின்றன. பிறகு இதழின் சொல் வரம்பு நினைவுக்கு வருகிறது, வெட்டத் தொடங்குகிறார்கள். பெரும்பாலான காலக் குழப்பங்கள் உருவாவது இந்தக் கட்டத்தில்தான் என்பது என் கருத்து. இரண்டு நிகழ்வுகளுக்கு நடுவிலிருந்த வாக்கியத்தை நீக்கியதும் அவை அடுத்தடுத்து நடந்தவை போலவும், ஒன்றுக்கு ஒன்று காரணம் போலவும் தோற்றமளிக்கத் தொடங்கிவிடுகின்றன. எழுதியவருக்கு நோயாளரைத் தெரியும் என்பதால் அவர் கண்ணுக்கு இது படுவதில்லை. வாசிப்பவருக்கோ தாளில் இருப்பதைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

2013-இல் வெளியான கேர் வழிகாட்டு நெறிகள், நோயாளர் அறிக்கையில் இருக்க வேண்டிய 13 கூறுகளுள் ஒன்றாகக் காலவரிசையைத் தனியே குறிப்பிடுகின்றன. முக்கியத் தேதிகளை அட்டவணையாகவோ படமாகவோ காட்டும்படி அவை கேட்கின்றன. ஆனால் அந்தக் காலவரிசையை எந்தப் புள்ளியிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதை எழுதுபவர்தான் தீர்மானிக்க வேண்டும். எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்பதையும் அந்தத் தீர்மானமே பெருமளவு முடிவு செய்துவிடுகிறது. ஆகவே, நடைமுறையில் உள்ள நான்கு தொடக்கப் புள்ளிகளை ஒரே நோயாளர் கதையில் பொருத்திப் பார்ப்பது பயன் தரும் என்று எண்ணுகிறேன்.

எடுத்துக்காட்டுக்காக நானே அமைத்த கதை இது. 46 வயதுப் பெண் ஒருவருக்கு முக்கிளை நரம்பு வலிக்காக மார்ச் 3 அன்று கார்பமசெபின் தொடங்கப்படுகிறது. மார்ச் 31 அன்று காய்ச்சல் காண்கிறது. ஏப்ரல் 2 அன்று வெளியில் ஒரு மருத்துவர் அமாக்சிசிலின் தருகிறார். மறுநாள் முகத்திலும் உடற்பகுதியிலும் தடிப்பு தோன்றுகிறது. ஏப்ரல் 6 அன்று அவர் உள்நோயாளியாகச் சேர்க்கப்படுகிறார். ஏப்ரல் 8 அன்று தோல் மருத்துவர் பார்த்து, இது ட்ரெஸ் எனப்படும் கடுமையான மருந்து எதிர்வினையாக இருக்கலாம் என்று சொன்ன பிறகு கார்பமசெபின் நிறுத்தப்படுகிறது. அடுத்த நாள் பிரெட்னிசோலோன் தொடங்கப்படுகிறது. நோயாளர் குணமடைகிறார்.

இந்தக் கதையின் முதல் வரைவு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

"46 வயதுப் பெண் ஒரு வாரக் காய்ச்சலுடனும் உடல் முழுவதும் பரவிய தடிப்புடனும் சேர்க்கப்பட்டார். சில நாட்களாக அமாக்சிசிலின் உட்கொண்டு வந்தார். அதன் பின்னர் தடிப்பு தோன்றியது. முக நரம்பு வலிக்காகச் சமீப காலமாகக் கார்பமசெபினும் எடுத்துக்கொண்டிருந்தார். சேர்க்கையின்போது சந்தேகத்துக்குரிய மருந்துகள் நிறுத்தப்பட்டன. மூன்றாம் நாள் எடுத்த தோல் பயாப்ஸி மருந்து எதிர்வினையை உறுதிசெய்தது. பிரெட்னிசோலோன் தொடங்கிய இரண்டே நாட்களில் காய்ச்சல் தணிந்தது."

படிப்பதற்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. சொல் எண்ணிக்கையும் குறைவு. ஆனால் இதில் ஏறக்குறைய ஒவ்வொரு வாக்கியமும் காலத்தை ஏதோ ஒரு விதத்தில் திரித்துச் சொல்கிறது. காய்ச்சல் அமாக்சிசிலினுக்கு இரண்டு நாள் முந்தியது என்பது மறைந்துவிட்டது; ஆகவே வாசிப்பவர் அமாக்சிசிலினைத்தான் சந்தேகிப்பார். கார்பமசெபின் சேர்க்கையன்று நிறுத்தப்படவில்லை. இரண்டு நாள் கழித்தே நிறுத்தப்பட்டது. பயாப்ஸி மூன்றாம் நாள் எடுக்கப்பட்டது உண்மை, ஆனால் அதன் முடிவு வந்தது ஏழாம் நாள். பிரெட்னிசோலோன் நான்காம் நாளே தொடங்கிவிட்டது. "உறுதிசெய்தது, பிறகு தொடங்கப்பட்டது" என்ற வரிசை நடக்கவே இல்லை. எழுதியவர் எதையும் திட்டமிட்டுத் திரிக்கவில்லை. சுருக்கும்போது வாக்கியங்கள் தாமாக இப்படி நெருங்கி வந்துவிட்டன.

முதல் வழி: நாட்காட்டித் தேதிகள்

கோப்பில் உள்ள தேதிகளை அப்படியே எழுதுவது எளிது. கணக்குப் பிழைக்கு இடமில்லை. ஆனால் வாசிப்பவர் ஒவ்வொரு முறையும் கழித்தல் கணக்குப் போட வேண்டியிருக்கும். மார்ச் 3-க்கும் மார்ச் 31-க்கும் இடையே நான்கு வாரம் என்பது எளிதில் புலப்படும். மார்ச் 3-க்கும் ஏப்ரல் 8-க்கும் இடையே எத்தனை நாள் என்று யாரும் நின்று எண்ணிப் பார்க்க மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய தடை, நோயாளரின் அந்தரங்கம். அரிய நோய், வயது, பாலினம், சரியான சேர்க்கைத் தேதி ஆகியவை ஒன்றுசேர்ந்தால் தெரிந்தவர்கள் ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். அமெரிக்காவின் ஹிப்பா விதிகளின் கீழ் அடையாளங்களை நீக்கும் முறை ஒன்றில், ஆண்டைத் தவிர நோயாளர் தொடர்பான எல்லாத் தேதிக் கூறுகளும் நீக்க வேண்டியவற்றின் பட்டியலில் உள்ளன. இதைச் சமாளிக்கச் சிலர் எல்லாத் தேதிகளையும் ஒரே அளவில் முன்னோ பின்னோ நகர்த்திவிடுகிறார்கள். இடைவெளிகள் மாறாது என்பது உண்மைதான். ஆனால் அச்சில் வருவது நடக்காத தேதி. நோய் பருவத்தோடு தொடர்புடையதாக இருந்தால் அந்தத் தேதி வாசகரைத் தவறான இடத்துக்கே கொண்டுபோகும். பொய்யான தேதியைவிடத் தேதியே இல்லாமல் இருப்பது மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆண்டோ பருவமோ நோயைப் புரிந்துகொள்ளத் தேவைப்பட்டால், அதை ஒரே ஒரு முறை சொன்னால் போதும்.

இரண்டாம் வழி: சேர்க்கை நாளிலிருந்து எண்ணுவது

மருத்துவமனை ஊழியர்களுக்கு மிகவும் பழக்கமான முறை இதுதான். டிஸ்சார்ஜ் சம்மரி, செவிலியர் குறிப்புகள், மருந்து அட்டை எல்லாம் இந்த எண்ணிலேயே ஓடுகின்றன. மருத்துவமனைக்குள் நடந்த சிக்கலையோ, நோயறிதலில் ஏற்பட்ட தாமதத்தையோ விவாதிக்கும் அறிக்கைக்கு இது நன்றாகப் பொருந்தும். நம் கதையை எழுதுபவரின் நோக்கம் "சரியான சந்தேகம் எழ ஏன் இரண்டு நாள் ஆயிற்று" என்பதாக இருந்தால், சேர்க்கை நாளையே தொடக்கமாகக் கொள்ள நானும் சம்மதிப்பேன்.

ஆனால் இதே கதையை மருந்து எதிர்வினை பற்றிய அறிக்கையாக எழுதினால் இந்த எண்முறை தடுமாறும். நோயின் போக்கில் சேர்க்கை நாளுக்கு எந்த முக்கியத்துவமும் இல்லை. அன்று நோயாளர் வாசலுக்கு வந்தார், அவ்வளவுதான். மருந்து தொடங்கிய நாள் "சேர்க்கைக்கு 34 நாள் முன்பு" ஆகிறது; காய்ச்சல் "6 நாள் முன்பு" ஆகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால்தான் முக்கியமான இடைவெளி கிடைக்கும். இந்த எண்முறையில் எழுதியவர்களே விவாதப் பகுதியில் "ஐந்து வார இடைவெளிக்குப் பின் எதிர்வினை" என்று எழுதிவிடுவதும் இதனால்தான். மருந்து தொடங்கியதிலிருந்து சேர்க்கை வரை ஐந்து வாரம். முதல் அறிகுறி வரை நான்கு வாரமே. இரண்டு எண்களும் ஒரே அறிக்கையின் இரண்டு பக்கங்களில் இருந்தால், கவனமான மதிப்பீட்டாளர் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகவே இருக்கும்.

இன்னொரு வழக்கமான இடறலும் உண்டு. மருத்துவமனைகளில் சேர்க்கை நாளை முதலாம் நாள் என்று எண்ணுவது வழக்கம்; பலர் அதையே பூஜ்ஜியம் என்று எண்ணுகிறார்கள். இரண்டு மருத்துவர்கள் இரண்டு பகுதிகளை எழுதினால் ஒரு நாள் வித்தியாசம் அறிக்கைக்குள் நுழைந்துவிடும். பிரெட்னிசோலோன் தொடங்கியது மூன்றாம் நாளா நான்காம் நாளா என்ற கேள்வி அற்பமாகத் தோன்றலாம். பயாப்ஸி எடுத்த அன்றா, மறுநாளா என்பது அதைப் பொறுத்தே இருப்பதால் அது அற்பமான கேள்வி ஆகாது.

மூன்றாம் வழி: முதல் அறிகுறியிலிருந்து எண்ணுவது

தொற்றுநோய்களுக்கு இதுவே பெரும்பாலும் சிறந்த தேர்வு. ஒரு பரிசோதனையின் முடிவுக்கு என்ன பொருள் என்பதே நோயின் எத்தனையாவது நாளில் மாதிரி எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்திருக்கும் இடங்களில் வேறு எந்த எண்முறையும் இதற்கு ஈடாகாது. டெங்குவில் என்எஸ்1 சோதனை முதல் சில நாட்களில்தான் நன்றாகப் பயன்படும். ஐஜிஎம் எதிர்ப்பொருள் ஏறக்குறைய ஐந்தாம் நாளுக்குப் பிறகே வழக்கமாகத் தென்படத் தொடங்கும். காய்ச்சலின் மூன்றாம் நாளில் ஐஜிஎம் இல்லை என்று வந்ததை நாள் குறிப்பிடாமல் "டெங்கு சோதனை எதிர்மறை" என்று சுருக்கி எழுதினால், அந்த வாக்கியம் வாசிப்பவரைத் தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

இந்த முறையின் பலவீனம், தொடக்க நாள் நோயாளரின் நினைவைச் சார்ந்தது என்பதே. கடுங்காய்ச்சலின் முதல் நாளைப் பலரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். களைப்பு, எடைக்குறைவு, மூட்டு வலி போன்றவை தொடங்கிய நாளை யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட தொடக்கத்தைப் பூஜ்ஜியமாக வைத்தால், அதன் மேல் எழுப்பும் ஒவ்வொரு எண்ணும் இல்லாத துல்லியத்தைக் காட்டும். வெளிநோயாளர் சீட்டில் ஒரு தேதி, சேர்க்கைக் குறிப்பில் வேறொரு தேதி என்று இருப்பதும் சகஜம். அப்போது ஒன்றைத் தேர்ந்து மற்றதை மறைப்பதைவிட "26-க்கும் 28-க்கும் இடைப்பட்ட நாளில்" என்று எழுதுவதே நேர்மையானது. அப்படி எழுதும்போதும் பூஜ்ஜியப் புள்ளி ஐயமற்ற ஒரு நிகழ்வாக இருக்க வேண்டும்.

நான்காம் வழி: அறிக்கையின் வாதம் தொங்கும் நிகழ்விலிருந்து எண்ணுவது

இந்தக் கதையில் அந்த நிகழ்வு கார்பமசெபினின் முதல் வேளை. ட்ரெஸ் நோய்க்குறித்தொகுதி, காரணமான மருந்தைத் தொடங்கிய இரண்டு முதல் எட்டு வாரங்களுக்குள் வழக்கமாகத் தலைகாட்டும். அறிக்கை முழுவதும் இந்த இடைவெளியை நம்பியே நிற்கிறது. எனவே முதல் வேளையைப் பூஜ்ஜியமாகக் கொண்டால் ஒவ்வொரு எண்ணும் அந்த வாதத்தைத் தானே சொல்லிவிடும். "28-ஆம் நாள் காய்ச்சல்" என்ற உடனே வாசிப்பவருக்கு நான்கு வாரம் என்று தெரிந்துவிடுகிறது. "30-ஆம் நாள் அமாக்சிசிலின்" என்றதும் அது காய்ச்சலுக்குப் பிந்தியது என்பதும் தெரிந்துவிடுகிறது. விளக்கம் தேவைப்படாததால் சொற்களும் மிச்சமாகின்றன.

அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் சிக்கல்களுக்கு அறுவை நாள், புற்றுநோய் மருந்து எதிர்வினைக்குச் சுழற்சியின் முதல் நாள், கர்ப்ப காலச் சிக்கலுக்குக் கர்ப்ப வாரம் என்று அந்தந்தத் துறையிலேயே இந்த முறை ஊறியிருக்கிறது. இதன் குறை, எழுதுபவர் தன் முடிவை முன்கூட்டியே வாசகரிடம் சொல்லிவிடுகிறார் என்பதுதான். கார்பமசெபினைப் பூஜ்ஜியமாக வைத்தவுடன் குற்றவாளி யார் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. மருத்துவர்கள் தடுமாறிய பாதை மறைந்து, எல்லாம் ஆரம்பத்திலேயே தெளிவாக இருந்தது போன்ற பிரமை உண்டாகலாம். இதற்கு ஈடுசெய்ய, யாருக்கு எப்போது என்ன தெரிந்திருந்தது என்பதை முக்கியமான இரண்டு மூன்று இடங்களிலாவது எழுத வேண்டும். இந்தக் கதையில் நோயாளர் கார்பமசெபின் உட்கொள்வது 34-ஆம் நாளே தெரியும். அதன் மேல் சந்தேகம் விழுந்தது 36-ஆம் நாளில். இதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அந்த வாக்கியத்தை எந்தச் சூழலிலும் வெட்டக் கூடாது.

மருந்து எதிர்வினை பற்றிய அறிக்கைக்கு நான் நான்காம் வழியையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் அதைத் தேர்ந்த பிறகும் உடனே வரைவை வெட்டத் தொடங்க மாட்டேன். முதலில் ஒரு தாய் அட்டவணையைத் தயாரிக்க வேண்டும். அது இதழுக்குப் போகாது, எழுதுபவர்களிடமே இருக்கும். நிகழ்வு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. அந்த வரியில் நடந்த தேதி, முடிவு கைக்கு வந்த தேதி, தகவல் எந்தப் பதிவிலிருந்து எடுக்கப்பட்டது, பூஜ்ஜியத்திலிருந்து எத்தனையாவது நாள் என்பவை இருக்க வேண்டும். நாள் எண்ணை விரல்விட்டு எண்ணாமல் விரிதாளிடமே விட்டுவிடலாம். முதல் வேளையின் தேதி A2 கட்டத்தில் இருந்தால், அடுத்த வரிக்கான கணக்கு இவ்வளவுதான்:

```
=A3-$A$2
```

இப்படிக் கணக்கிட்டால் பூஜ்ஜியம் எப்போதும் பூஜ்ஜியமாகவே இருக்கும். 28 என்றால் 28 நாட்கள் கழிந்துவிட்டன என்று பொருள். அறிக்கையில் முதல் முறை நாள் எண் வரும் இடத்தில் "கார்பமசெபினின் முதல் வேளை கொடுத்த நாளைப் பூஜ்ஜியமாகக் கொண்டு" என்று ஒருமுறை எழுதிவிட்டால் போதும். அதன் பிறகு சேர்க்கை நாள் எண்ணையும் இடையிடையே கலக்கக் கூடாது. இரண்டு கடிகாரங்களில் மணி பார்ப்பவருக்கு எதுவும் சரியான நேரமாகத் தெரியாது.

தாய் அட்டவணையில் மாதிரி எடுத்த தேதிக்கும் முடிவு வந்த தேதிக்கும் தனித்தனி நெடுவரிசை வைப்பதைச் சிலர் மிகை என்று நினைக்கிறார்கள். நம் கதையில் எல்லாமே அந்த இரண்டு நெடுவரிசைகளில்தான் வெளிப்படுகிறது. தோல் பயாப்ஸி 36-ஆம் நாள் எடுக்கப்பட்டது. முடிவு வந்தது 40-ஆம் நாள். பிரெட்னிசோலோன் 37-ஆம் நாள் தொடங்கியது. அதாவது, சிகிச்சையைத் தொடங்கும் முடிவு பயாப்ஸியை நம்பி எடுக்கப்பட்டதல்ல. தோல் மருத்துவரின் பார்வை, இயோசினோஃபில் எண்ணிக்கை, உயர்ந்துகொண்டிருந்த ஏஎல்டி ஆகியவற்றை வைத்தே எடுக்கப்பட்டது. இது முதல் வரைவு சொன்னதைவிட உண்மையானது மட்டுமல்ல. இதே நிலையில் பயாப்ஸிக்காகக் காத்திருப்பதா என்று யோசிக்கும் இன்னொரு மருத்துவருக்கு உண்மையில் பயன்படக்கூடியதும் இதுவே.

ஆய்வகப் பதிவுகளில் பெரும்பாலும் அச்சிட்ட தேதி பெரிதாகவும் மாதிரி எடுத்த தேதி சிறிதாகவும் இருக்கும். அவசரத்தில் பெரிய தேதியை எடுத்து எழுதிவிடுவார்கள். நோயின் போக்கைச் சொல்லும்போது மாதிரி எடுத்த நாளைத்தான் பயன்படுத்த வேண்டும். ஏன் ஒரு முடிவு எடுக்கப்பட்டது என்று சொல்லும்போது முடிவு கைக்கு வந்த நாளைக் குறிப்பிட வேண்டும். மருந்து நிறுத்தப்பட்ட நாளைப் பொறுத்தவரை, மருத்துவரின் குறிப்பைவிட மருந்து அட்டையே நம்பத் தகுந்தது. "நிறுத்துக" என்று எழுதிய பிறகும் ஒரு வேளை கொடுக்கப்பட்டிருக்கலாம். கடைசியாக எந்த வேளை கொடுக்கப்பட்டது என்பதை அட்டையில் பார்த்தே எழுத வேண்டும்.

தாய் அட்டவணையிலிருந்து அச்சுக்குப் போகக்கூடிய சிறு அட்டவணையை இப்படி எடுக்கலாம்:

| நாள் | நிகழ்வு |
|---|---|
| 0 | கார்பமசெபின் தொடக்கம் |
| 28 | காய்ச்சல் |
| 30 | அமாக்சிசிலின் தொடக்கம் |
| 31 | முகத்திலும் உடற்பகுதியிலும் தடிப்பு |
| 34 | சேர்க்கை, அமாக்சிசிலின் நிறுத்தம், ஏஎல்டி 412, இயோசினோஃபில் 1,900 |
| 36 | கார்பமசெபின் கடைசி வேளை, தோல் பயாப்ஸி, ஏஎல்டி 588 |
| 37 | பிரெட்னிசோலோன் தொடக்கம் |
| 39 | காய்ச்சல் தணிவு |
| 40 | பயாப்ஸி முடிவு |
| 44 | வீடு திரும்பல். ஏஎல்டி 240 |
| 56 | ஏஎல்டி இயல்பு நிலை |

அலகுகளையும் இயல்பு அளவுகளையும் அட்டவணையின் அடிக்குறிப்பில் தர வேண்டும். இந்த அட்டவணை வந்தவுடன் உரைநடையிலிருந்து பெரும்பகுதியை அச்சமின்றி எடுத்துவிடலாம். ஒவ்வொரு ஏஎல்டி எண்ணையும் வாக்கியத்திலும் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. உரைநடை, முடிவுகள் எடுக்கப்பட்ட இடங்களை மட்டும் சொன்னால் போதும்.

அட்டவணையா படமா என்று கேட்டால், மருந்துகள் ஒன்றன் மேல் ஒன்று கவிந்து ஓடும் காலமே வாதமாக இருக்கும் இடங்களில் படம் வெல்லும். கார்பமசெபின் 0 முதல் 36 வரை ஒரு பட்டை, அமாக்சிசிலின் 30 முதல் 34 வரை ஒரு சிறு பட்டை, அவற்றின் மேல் ஏஎல்டி கோடு என்று வரைந்தால் ஒரே பார்வையில் கதை புரியும். ஆனால் நாட்கள் அச்சில் அளவுப்படி இருக்க வேண்டும். இடமில்லை என்று முதல் நான்கு வாரங்களைச் சுருக்கினால், அச்சில் முறிவுக் குறி போட்டே ஆக வேண்டும். ஒன்றை மட்டுமே அனுமதிக்கும் இதழாக இருந்தால் நான் அட்டவணையையே தேர்வேன்; உரையோடு எண்ணுக்கு எண் ஒப்பிட்டுச் சரிபார்க்க அதுதான் வசதி.

இனி, வெட்டும் வேலை. ஒரு வாக்கியத்தை நீக்கும் முன் நான் கேட்கும் கேள்வி இதுதான்: இதை எடுத்துவிட்டால் ஏதேனும் இரண்டு நிகழ்வுகளுக்கு இடையிலான தொடர்பு மாறித் தெரியுமா? மாறாது என்றால் நீக்கலாம். சேர்க்கையன்று எடுத்த இயல்பான சோடியம், பொட்டாசியம் அளவுகள், இயல்பான மார்பு எக்ஸ்ரே, நோயறிதலைப் பாதிக்காத பிற துறைகளின் கருத்துகள் எல்லாம் போகலாம். கார்பமசெபினின் அளவை எட்டாம் நாள் கூட்டினார்களா என்பது, அந்த அளவோடு எதிர்வினைக்குத் தொடர்பு இருப்பதாக விவாதிக்காதவரை தேவையில்லை.

எதிர்மறை முடிவுகள் என்பதாலேயே அனைத்தையும் தூக்கி எறிவது தவறு. ட்ரெஸ் நோயறிதலுக்குப் பயன்படும் ரெஜிஸ்கார் மதிப்பெண் முறை, வேறு காரணங்களுக்கான சோதனைகளில் குறைந்தது மூன்று செய்யப்பட்டு எதுவும் நேர்மறையாக வராதிருந்தால் ஒரு மதிப்பெண் தருகிறது. ஈரல் அழற்சி வைரஸ் சோதனைகள், இரத்தக் கல்ச்சர், ஏஎன்ஏ ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. "பிற காரணங்கள் விலக்கப்பட்டன" என்று சுருக்கினால், வாசிப்பவரால் மதிப்பெண்ணைச் சரிபார்க்க முடியாது. "34-ஆம் நாள் மாதிரிகளில் ஈரல் அழற்சி வைரஸ் சோதனைகள், ஏஎன்ஏ, இரத்தக் கல்ச்சர் ஆகிய மூன்றும் எதிர்மறை" என்ற ஒரே வாக்கியம் இடத்தையும் மிச்சப்படுத்தும், ஆதாரத்தையும் காக்கும். நாள் எண்ணை இங்கே வைத்திருப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. அமாக்சிசிலின் நான்கு நாட்கள் உள்ளே போன பிறகு எடுத்த கல்ச்சர் எதிர்மறையாக வந்ததற்கு முழு எடை கொடுக்க முடியாது என்பதை வாசிப்பவர் தாமே கண்டுகொள்வார். எழுதியவரும் அதை விவாதத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

அதேபோல, சொல் வரம்புக்காக முதலில் பலியாவது பின்தொடர்தல். "நோயாளர் நலமுடன் வீடு திரும்பினார்" என்று 44-ஆம் நாளோடு கதையை முடித்துவிடத் தோன்றும். ரெஜிஸ்கார் முறையில் நோய் தணிய 15 நாளோ அதற்கு மேலோ ஆயிற்றா என்பதும் ஒரு கூறு. ஆகவில்லை என்றாலோ, தெரியவில்லை என்றாலோ ஒரு மதிப்பெண் கழியும். 56-ஆம் நாளில் ஏஎல்டி இயல்புக்கு வந்தது என்ற ஒற்றை வரி அந்தக் கேள்விக்கு விடை தருகிறது. அந்த வரியை நீக்கினால் மிச்சமாவது ஐந்தாறு சொற்கள். போவது நோயறிதலின் ஒரு தூண்.

மிகவும் கவனிக்க வேண்டிய மற்றோர் இடம், சிகிச்சையும் குணமும் சந்திக்கும் வாக்கியம். கார்பமசெபின் கடைசி வேளை 36-ஆம் நாள், பிரெட்னிசோலோன் 37-ஆம் நாள், காய்ச்சல் தணிந்தது 39-ஆம் நாள். மருந்தை நிறுத்தியதால் காய்ச்சல் விட்டதா, ஸ்டீராய்டால் விட்டதா என்பதை இந்த ஒரு நாள் இடைவெளியில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. முதல் வரைவில் நிறுத்தம் சேர்க்கை நாளுக்குத் தள்ளப்பட்டதால், ஸ்டீராய்டு மட்டுமே வேலை செய்தது போலத் தோன்றியது. இரண்டு நிகழ்வுகளையும் ஒரே வாக்கியத்தில் அவற்றின் நாட்களோடு அருகருகே வைப்பதே இங்கே சரியான சுருக்கம்.

இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பத்தி இப்படி ஆகிறது:

"முக்கிளை நரம்பு வலிக்காகக் கார்பமசெபின் தொடங்கிய 28-ஆம் நாள் (முதல் வேளை கொடுத்த நாள் பூஜ்ஜியம்) 46 வயதுப் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. 30-ஆம் நாள் அமாக்சிசிலின் தொடங்கப்பட்டது. 31-ஆம் நாள் முகத்திலும் உடற்பகுதியிலும் தடிப்பு தோன்றியது. 34-ஆம் நாள் சேர்க்கப்பட்டபோது அமாக்சிசிலின் நிறுத்தப்பட்டது, கார்பமசெபின் தொடர்ந்தது. 36-ஆம் நாள் தோல் மருத்துவரின் பரிசோதனையில் ட்ரெஸ் என்ற சந்தேகம் எழுந்ததால் கார்பமசெபின் நிறுத்தப்பட்டு, பயாப்ஸி எடுக்கப்பட்டது. ஏஎல்டி உயர்ந்துவந்ததால், பயாப்ஸி முடிவுக்குக் காத்திராமல் 37-ஆம் நாள் பிரெட்னிசோலோன் தொடங்கப்பட்டது. 39-ஆம் நாள் காய்ச்சல் தணிந்தது. 40-ஆம் நாள் வந்த பயாப்ஸி முடிவு மருந்து எதிர்வினையோடு பொருந்தியது."

முதல் வரைவைவிட இது சற்று நீளம்தான். ஆனால் பழைய வரைவில் இதன் பின்னால் வந்திருக்கக்கூடிய மூன்று நான்கு பத்தி ஆய்வக எண்களும், விவாதப் பகுதியில் இடைவெளியை விளக்க எழுதிய வாக்கியங்களும் இப்போது தேவையில்லாமல் போகின்றன; மொத்த அறிக்கை குறுகிவிடும். "பின்னர்", "சில நாட்களாக", "சமீப காலமாக" போன்ற சொற்கள் ஒன்றுகூட இதில் இல்லை என்பதையும் கவனிக்கலாம். அவை எங்கெல்லாம் வருகின்றனவோ அங்கெல்லாம் ஓர் இடைவெளி ஒளிந்திருக்கிறது. வரைவில் அவற்றைத் தேடிப் பார்த்தாலே பாதி முரண்கள் அகப்பட்டுவிடும்.

நோய் மாதக் கணக்கில் நீண்டிருந்தால் நாள் எண் மட்டும் போதாது. சேர்க்கைக்கு முந்திய காலத்தை மாதங்களிலும், உள்ளே இருந்த காலத்தை நாட்களிலும், பிறகு மீண்டும் மாதங்களிலும் சொல்லலாம். அலகு மாறும் இடத்தை வாசகருக்குச் சொல்லிவிட வேண்டும். ஒரே பத்திக்குள் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதக் கூடாது.

வெட்டி முடித்த பிறகு சரிபார்க்க இரண்டு வழிகளை நான் பரிந்துரைப்பேன். ஒன்று, சுருக்கம், நோயாளர் விவரம், அட்டவணை, படக்குறிப்பு, விவாதம் ஆகிய எல்லா இடங்களிலும் காலத்தைச் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் எண்ணையும் அடிக்கோடிட்டு, தாய் அட்டவணையோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவது. பிழை அதிகம் தங்கியிருக்கும் இடம் சுருக்கமே. அதை முதலில் எழுதிவிட்டு, உடலைத் திருத்திய பிறகு மறந்துவிடுகிறார்கள். "ஐந்து வாரம்" என்ற பழைய எண் உயிரோடு கிடப்பது பெரும்பாலும் அங்கேதான். இரண்டாவது, அந்த நோயாளரைப் பார்த்திராத சக மருத்துவர் ஒருவரிடம் அட்டவணை இல்லாமல் உரையை மட்டும் கொடுத்து, காலவரிசையை எழுதித் தரும்படி கேட்பது. அவர் எழுதித் தருவது தாய் அட்டவணையோடு எங்கே பொருந்தவில்லையோ, அங்கே திருத்த வேண்டியது வாக்கியத்தைத்தான், வாசித்தவரை அல்ல.

மதிப்பீட்டாளர் புதிதாக ஒரு பரிசோதனையைச் சேர்க்கச் சொன்னாலும் இதே வரிசையைப் பின்பற்றுவது நல்லது. முதலில் அது தாய் அட்டவணையில் மாதிரி எடுத்த நாளோடும் முடிவு வந்த நாளோடும் ஏற வேண்டும். அதன் பிறகே உரைக்குள் போக வேண்டும். கடைசிக் கட்டத்தில் அவசரமாகச் சேர்க்கப்படும் ஒற்றை வாக்கியம்தான், அதுவரை சீராக இருந்த காலவரிசையை மிக எளிதில் குலைத்துவிடுகிறது.